கிழமையும் திதியும் சாட்சி: நாட்காட்டி கைவிட்ட நாட்கள்

கதிரவெளியிலிருந்து வடக்கே கரைவழியாகச் சென்று, வெருகலாற்றைக் கடந்து, மேலும் வடதிசை நோக்கிப் போனால் மூதூரையும் கொட்டியாரக் குடாவையும் அடையலாம். 1659ஆம் ஆண்டிற் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலொன்று பழுது பார்ப்பதற்காக இக்குடாவிற்கு வந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் அக்கப்பலின் தலைவரும், அவர் மகனும், உடன் வந்தோர் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை மகன் இருவர்க்கும் றொபேட் நொக்ஸ் என்பதே பெயர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலே இலங்கை வரலாறு கற்போர் இன்றும் எடுத்தாளும் 'நொக்ஸின் வரலாறு' ஆகும்.

அந்நூலின் நாட்குறிப்புகளைக் கூர்ந்து நோக்கும் மாணவன் இரண்டு இடங்களில் மயங்கி நிற்பான். அவ்விரண்டு மயக்கங்களையும் தெளிவித்தால், நாட்காட்டியில் நாட்கள் விடுபட்ட வரலாறு முழுவதும் ஒருங்கே விளங்கிவிடும். ஆதலின் அவற்றையே இக்கட்டுரைக்கு வாயிலாகக் கொள்வோம்.

இரண்டு முடிச்சுகள்

முதலாவது, தந்தையின் இறப்பைப் பற்றியது. தந்தையும் மகனும் 1660 ஏப்பிரலிற் பிடிபட்டனர் என்று கண்டோம். ஆனால், தந்தை தம்மைப் படுக்கையருகே அழைத்து இறுதியுரை கூறிய நாளை மகன் 1660 பெப்ரவரி 9 என்று குறிக்கின்றார். பெப்ரவரி ஏப்பிரலுக்கு முந்தியதன்றோ? அப்படியாயின் சிறைப்படுமுன்னரே தந்தை சிறையில் இறந்தார் என்றாகின்றது.

இரண்டாவது, விடுதலை பெற்ற நாளைப் பற்றியது. நொக்ஸும் அவர் தோழர் ஸ்தீபன் ரட்லண்டும் அநுராதபுரக் காட்டின் வழியே ஆற்றோரமாக நடந்து, மன்னார்ப் பகுதியிலே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அந்நாள் 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியளவு என்று நொக்ஸ் எழுதுகின்றார். இன்று நாம் வழங்கும் நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணித்தால் அந்நாள் சனிக்கிழமையன்று, புதன்கிழமை.

இதனை எவரும் தாமே சோதிக்கலாம். இன்றைய நாட்காட்டியில் 400 ஆண்டுகளுக்கு 146,097 நாட்கள். அதனை ஏழால் வகுத்தால் மீதியின்றி 20,871 கிழமைகள் வரும். ஆதலின் 1679க்கும் 2079க்கும் நாளும் கிழமையும் ஒன்றே. இடையில் நூற்றாண்டின் தடை இல்லாதவிடத்து 28 ஆண்டுகளுக்கொருமுறையும் அவை மீண்டும் ஒன்றும். 2079இலிருந்து இரண்டு இருபத்தெட்டுகளைக் கழித்தால் 2023. எனவே 2023ஆம் ஆண்டின் சுவர் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் 1679ஐப் பார்த்தவாறாகும். அதில் ஒக்டோபர் 18 புதன்கிழமை. சனிக்கிழமையோ ஒக்டோபர் 28.

இருபது ஆண்டு காட்டில் இருந்தவர் கிழமையை மறந்திருப்பார் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது பொருந்தாது. ஒல்லாந்தர் கோட்டையுள் நுழைந்தவுடன் கிழமை மயக்கம் தீர்ந்திருக்கும். நூலோ அதன் பின்னரே அச்சேறியது. நொக்ஸ் சரியாகவே எழுதினார். அவருடைய நாட்காட்டிதான் வேறு.

பதினொரு நிமிடத்தின் வேலை

உரோமைத் தலைவர் யூலியஸ் சீசர் கி.மு. 45 முதல் வழங்கச் செய்த நாட்காட்டியே யூலிய நாட்காட்டி. அதிலே ஆண்டுக்கு 365 நாள். நான்காண்டுக்கொருமுறை ஒருநாள் மிகுதி. சராசரியாக ஆண்டின் அளவு 365 நாள் 6 மணி என்று கொள்ளப்பட்டது. ஆனால், பகலும் இரவும் ஒத்த ஒரு வசந்த நாளிலிருந்து மறு வசந்த நாள் வரையுள்ள உண்மைக் காலம் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 விநாடி. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 11 நிமிடமும் 14 விநாடியுமே.

ஓர் ஆண்டில் இதனை எவரும் உணரார். ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதிலும் அரைநாளளவே சேரும். எனினும் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகின்றது. நாட்காட்டி ஆண்டு உண்மையாண்டினும் நீண்டதாதலின், சூரியன் குறித்த இடத்திற்கு வந்த பின்னும் நாட்காட்டி அந்நாளை அடையாமற் பின்தங்கி நிற்கும். அதனால் வசந்த சமநாள் நாட்காட்டியிலே மெல்ல மெல்ல முந்தி வந்தது.

இது கிறித்தவத் திருச்சபைக்கு இடராயிற்று. உயிர்த்த ஞாயிறு எனப்படும் திருநாள், நம் பண்டிகைகள் பல போலவே, சூரியனையும் சந்திரனையும் ஒருங்கு நோக்கிக் கணிக்கப்படுவது. மார்ச் 21ஆம் நாளன்றோ அதன் பின்னரோ வரும் நிறைமதியை அடுத்த ஞாயிறே அத்திருநாள். கி.பி. 325இல் நிசேயாவிற் சங்கம் கூடிய காலத்தில் வசந்த சமநாள் மார்ச் 21ஐ ஒட்டி நிகழ்ந்தது. 1582க்குள் 1,257 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதனை 128ஆல் வகுத்தால் ஏறக்குறையப் பத்து. வானத்துச் சமநாள் மார்ச் 11இலேயே நிகழ்ந்துவிட, ஏட்டுச் சமநாள் மார்ச் 21இல் நின்றது. திருநாளும் தன் பருவத்தினின்று நழுவத் தொடங்கியது.

வியாழனுக்குப் பின் வெள்ளி

பாப்பரசர் பதின்மூன்றாம் கிறெகோரி, மருத்துவரும் கணித வல்லுநருமான லூயிஜி லீலியோ வகுத்துவைத்த திட்டத்தை, கிளாவியுஸ் முதலிய அறிஞர் ஆராய்ந்து ஒப்பிய பின், 1582 பெப்ரவரி 24ஆம் நாள் ஆணையாக எழுதுவித்தார். அவ்வாணையில் இரண்டு செயல்கள் அடங்கியிருந்தன. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குவர்.

முதற் செயல், அதுவரை சேர்ந்திருந்த பிழையைக் களைதல். 1582 ஒக்டோபர் 4, வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் அதன் இலக்கம் 5 அன்று, 15. இடையிலிருந்த பத்து இலக்கங்களும் வழங்கப்படவில்லை. பெருந்திருநாட்கள் குறைந்த காலம் என்பதால் ஒக்டோபர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈண்டுக் கவனிக்கத்தக்கது, கிழமை வரிசை அறவே குலையாமையாகும். வியாழனுக்குப் பின் வெள்ளியே வந்தது. சூரியன் ஒருமுறை கூடுதலாக உதிக்கவுமில்லை. திங்கள் ஒரு கலை தாண்டி வளரவுமில்லை. எவருடைய ஆயுளிலும் பத்து நாள் குறையவில்லை. குறைந்தவை பெயர்களே.

சீசர் காலம் முதற் கணக்கிட்டால் சேர்ந்த பிழை பன்னிரண்டு நாளுக்கும் மேலாகும். பத்து மட்டும் விடப்பட்டது ஏன் என்று கேட்கலாம். நாட்காட்டியைச் சீசரிடம் திருப்பிக் கொண்டுபோவது பாப்பரசரின் நோக்கமன்று. நிசேயாச் சங்கத்தின் காலத்து மார்ச் 21க்குச் சமநாளைக் கொண்டுவருவதே அவர் வேண்டியது. அதற்குப் பத்தே போதும்.

இரண்டாஞ் செயல், பிழை மீண்டும் சேராமற் காத்தல். 11 நிமிடம் 14 விநாடியை 400ஆற் பெருக்கினால் மூன்று நாளுக்குச் சற்றே மிகும். ஆகவே 400 ஆண்டுகளில் மூன்று மிகுநாட்களை நீக்கவேண்டும். அதற்கு எளிய விதியொன்று அமைத்தனர். நூற்றாண்டு முடிவிலுள்ள ஆண்டுகளில் 400ஆல் மீதியின்றி வகுபடுபவை மட்டுமே மிகுநாள் பெறும். 1600உம் 2000உம் பெற்றன. 1700, 1800, 1900 ஆகியவை பெறவில்லை. இவ்விதியாற் சராசரி ஆண்டு உண்மையாண்டினும் 26 விநாடியளவே நீண்டுள்ளது. ஒருநாட் பிழை சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

இவ்விதியினால் ஒரு விளைவு உண்டாயிற்று. பழைய நாட்காட்டியைப் பின்பற்றியோர் 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் கொண்டனர். புதியதைப் பின்பற்றியோர் கொள்ளவில்லை. எனவே 1582இற் பத்தாக இருந்த இடைவெளி 1700 பெப்ரவரிக்குப் பின் பதினொன்றாயிற்று; 1800க்குப் பின் பன்னிரண்டு; 1900க்குப் பின் பதின்மூன்று. 2000இல் இருசாராரும் மிகுநாள் கொண்டமையின் அது வளரவில்லை. நாட்டுக்கு நாடு விடுபட்ட நாட்களின் தொகை வேறுபட்டதற்குக் காரணம் இதுவே. எவ்வளவு பிந்தினார்களோ அவ்வளவு மிகுதியாகத் தாண்டவேண்டியிருந்தது.

ஆளுக்கோர் ஆண்டு

பாப்பரசரின் ஆணை திருச்சபையையே கட்டுப்படுத்தும். சந்தையின் தவணையையும், நீதிமன்றத்தின் நாளையும், குத்தகைப் பத்திரத்தையும் மாற்றும் உரிமை அந்தந்த அரசினுடையது. ஆகவே மாற்றம் வந்த ஆண்டைப் பார்த்தால், அந்நாட்டின் அரசு எவருக்குச் செவிசாய்த்தது என்பதையும் ஒருவாறு அறியலாம்.

கத்தோலிக்க அரசரான இரண்டாம் பிலிப்பின் ஆட்சியிலிருந்த இசுப்பானியாவும் போர்த்துக்கலும் குறித்த நாளிலேயே மாறின. அக்காலத்திற் கொழும்புக் கோட்டை போர்த்துக்கேயர் வசம் இருந்தது. எனினும் கீழைக் கடலில் இருந்தோர்க்குச் செய்தி கப்பலில் வரவேண்டியிருந்ததால், அது வந்து சேரும்வரை பழைய இலக்கமே வழங்கியிருக்கும்.

ஒல்லாந்தின் வரலாறு இன்னும் நுட்பமானது. கத்தோலிக்க இசுப்பானியாவை எதிர்த்துப் போராடிய நாடாயினும், அங்கே வாணிகத்திற் சிறந்த ஒல்லாந்து, சீலாந்து ஆகிய மாகாணங்கள் 1582ஆம் ஆண்டின் முடிவையும் 1583இன் தொடக்கத்தையும் ஒட்டிப் புதிய கணக்கிற்கு மாறின. அதே குடியரசைச் சேர்ந்த உத்திரெக்ட், கெல்டர்லாந்து முதலிய மாகாணங்களோ 1700ஐ ஒட்டியே மாறின. ஒரே குடியரசினுள் ஊர்விட்டு ஊர் சென்றாற் பத்துநாள் மாறும் நிலை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. இலங்கைக்கு வந்த கிழக்கிந்தியக் கும்பனி அம்ஸ்ரடாமையும் மிடில்பேர்க்கையும் தலைமையிடங்களாகக் கொண்டது. அதனால் இங்குள்ள ஒல்லாந்தர் ஏடுகள் புதிய கணக்கிலேயே எழுதப்பட்டன.

இங்கிலாந்து மிகப் பிந்தியது. எலிசபெத்து அரசியின் காலத்திலேயே, 1583இல், யோன் டீ என்னும் அறிஞர் நாட்காட்டியைத் திருத்தலாம் என்று கணித்துக் காட்டினார். ஆயினும் பாப்பரசருடன் உறவறுத்திருந்த ஆயர்கள் இணங்கவில்லை. கணிதம் பிழையென்று அவர்கள் மறுக்கவில்லை. அது வந்த வாயிலையே மறுத்தனர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், செஸ்டர்பீல்டு பிரபுவின் முயற்சியால் 1750ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1752 செப்டெம்பர் 2, புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14, வியாழக்கிழமை ஆயிற்று. 1700ஐக் கடந்துவிட்டமையின் விடுபட்டவை பதினொன்று.

அச்சட்டம் இன்னொரு மாற்றத்தையும் செய்தது. அதுவரை இங்கிலாந்தின் சட்ட ஆண்டு யனவரி முதல் நாளன்று தொடங்கவில்லை. மார்ச் 25இல் தொடங்கியது. டிசெம்பர் 31, 1660க்கு அடுத்த நாள் யனவரி 1, 1660 என்றே எழுதினர். மார்ச் 25 வந்த பின்னரே 1661 பிறந்தது. புதிய சட்டத்தால் 1751ஆம் ஆண்டு டிசெம்பருடன் முடிந்து, 282 நாளே கொண்ட குறையாண்டாயிற்று.

பதினொரு நாளைத் திருப்பித் தருமாறு மக்கள் கலகம் செய்தனர் என்று பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அதற்குத் தக்க சான்று இல்லை. ஆனால் கவலைக்கு இடமில்லாமலும் இல்லை. செப்டெம்பர் முடிவில் முழுமாதக் குத்தகை கொடுக்கவேண்டிய உழவன் பத்தொன்பது நாளிலே அதனை எவ்வாறு ஈட்டுவான்? இதனை முன்னறிந்தே, கடனும் குத்தகையும் பழைய கணக்கின்படி எத்தனை நாள் கழித்து இறுக்கவேண்டியவையோ அத்தனை நாள் கழித்தே இறுக்கலாம் என்று சட்டத்தில் விதி வைத்தனர். மார்ச் 25ஐ எல்லையாகக் கொண்ட வரிக்கணக்கும் பதினொரு நாள் தள்ளி ஏப்பிரல் 5க்குச் சென்றது. 1800இன் பின் மேலும் ஒருநாள் தள்ளி ஏப்பிரல் 6 ஆயிற்று. பிரித்தானியாவின் வருமானவரி ஆண்டு இன்றும் ஏப்பிரல் 6இல் தொடங்குவதற்குக் காரணம் இதுவென்பர்.

உருசியா 1918இல், புரட்சிக்குப் பின் மாறியது. அங்கே யனவரி 31க்கு அடுத்த நாள் பெப்ரவரி 14, விடுபட்டவை பதின்மூன்று. 'ஒக்டோபர்ப் புரட்சி' எனப் பெயர்பெற்ற நிகழ்ச்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7இல் வந்ததன் பொருள் இதனால் விளங்கும். பழைய கணக்கில் அது ஒக்டோபர் 25. அரசு மாறியும் உருசியத் திருச்சபை மாறவில்லை. நத்தாரை அது யனவரி 7இற் கொண்டாடுகின்றது. அரசின் ஆணையும் திருச்சபையின் ஆணையும் வெவ்வேறு என்று முன்னர்க் கூறியதற்கு இது மறுதலையான எடுத்துக்காட்டு.

முடிச்சு அவிழ்தல்

இனி நொக்ஸிடம் மீள்வோம். அவர் ஆங்கிலேயர்; 1679இல் இங்கிலாந்து பழைய கணக்கிலேயே இருந்தது. ஆகவே அவருடைய ஒக்டோபர் 18உடன் பத்தைக் கூட்டினால் ஒக்டோபர் 28. அது சனிக்கிழமை என்பதை முன்னரே கண்டோம். கோட்டை வாயிலில் நின்ற இருசாராரும் சனிக்கிழமை என்பதில் ஒத்திருப்பர். ஒல்லாந்த எழுத்தர் ஏட்டில் 28 என்று எழுத, நொக்ஸ் தம் மனக்கணக்கில் 18 என்று எண்ணினார். ஒரே கோட்டை, ஒரே பிற்பகல், ஒரே கிழமை. இலக்கம் மட்டும் இரண்டு.

இதற்கு வானத்திலும் ஒரு சாட்சி உண்டு. நொக்ஸ் தாம் தப்பிப் புறப்பட்ட நாளைச் செப்டெம்பர் 22 என்று குறித்து, அன்று பிறைக்கு இருபத்தேழு நாள் என்றும் சொல்கின்றார். பின்வரும் இரவுகளில் வளர்பிறை ஒளி நடைக்கு உதவும் என்பது அவர் கருத்து. புதிய கணக்கில் அந்நாள் ஒக்டோபர் 2. சந்திரனின் சராசரிச் சுற்றாகிய 29 நாள் 12 மணி 44 நிமிடத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், 1679இல் அமாவாசை ஒக்டோபர் 5ஐ ஒட்டி வருகின்றது. எனவே ஒக்டோபர் 2இல் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாளே இருந்தன. பிறைக்கு இருபத்தேழு நாள் என்றது பொருந்துகின்றது. செப்டெம்பர் 22 என்பதைப் புதிய கணக்காகவே கொண்டிருந்தால், அன்று பௌர்ணமி கழிந்து இரண்டு நாளே ஆகியிருக்கும். கிழமையும் திதியும் தனித்தனியே ஒரே தீர்ப்பைத் தருகின்றன.

நம் பஞ்சாங்கத்தால் இதனை நோக்குதல் சுவை தருவதாகும். நம் சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை ஒட்டியவை. அவ்வாண்டின் அளவு கிறெகோரிய ஆண்டினும் சற்றே நீண்டது. அதனாற் சித்திரை முதல்நாள் ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒருநாள் வீதம் பிந்தி வருகின்றது. இக்காலத்தில் ஏப்பிரல் 14ஐ ஒட்டி வரும் புத்தாண்டு, நொக்ஸின் காலத்திற் புதிய கணக்கின்படி ஏப்பிரல் 8ஐ ஒட்டி வந்திருக்கும். அக்கணக்கில் ஒக்டோபர் 5 புரட்டாதியில் அமைவதால், நொக்ஸ் புறப்பட்டது மகாளய அமாவாசைக்குச் சற்று முன். அரிப்பை அடைந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு கிழமை முன். ஐரோப்பியரின் இரண்டு நாட்காட்டிகளும் தம்முள் மாறுபட்டு நின்ற அக்காலத்தில், இந்நாட்டவர் திதிபார்த்து விரதம் நோற்று வந்தனர். இருதரத்தாரின் இலக்கங்களையும் சரிபார்க்க அத்திதியே இன்று நமக்கு உதவுகின்றது.

முதல் முடிச்சு இப்போது தானே அவிழும். ஆங்கிலேயரின் 1660 மார்ச் 24 வரை நீண்டது. ஏப்பிரலிற் பிடிபட்ட தந்தை, அதே 'ஆண்டின்' பெப்ரவரியில், பத்து மாதம் கழித்தே இறந்தார். ஆண்டை இன்றைய வழக்கிற்கு மாற்றினால் அது 1661 பெப்ரவரி 9. நாளையும் மாற்றினால் 1661 பெப்ரவரி 19.

ஏடு படிப்போர்க்கு

ஊர் வரலாறு எழுத முற்படும் மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க முறை இது. பழைய நாளொன்றைக் கண்டவுடன், அதனை எழுதியவன் எந்த அரசின் குடி என்று முதலிற் கேட்கவேண்டும். 1583க்குப் பின் கொழும்புக்கோ பத்தாவியாவுக்கோ எழுதிய ஒல்லாந்தக் கும்பனியாரின் நாளோடு எதனையும் கூட்டலாகாது. 1752க்கு முந்திய ஆங்கிலேயரின் நாளாயின், 1700 பெப்ரவரி வரை பத்தும் அதன் பின் பதினொன்றும் கூட்டுக. அந்நாள் யனவரி முதலுக்கும் மார்ச் 24க்கும் இடையில் விழுமாயின், ஆண்டோடும் ஒன்று சேர்க்கவேண்டுமோ என்று நோக்குக. சில பழைய ஏடுகளில் அத்தகைய நாட்களுக்கு 1660/61 என இரட்டையாண்டு எழுதியிருப்பதும் உண்டு. அங்கே ஐயத்திற்கு இடமில்லை. இங்கிலாந்து இந்நாட்டின் கரையோரங்களைக் கைப்பற்றியது 1795இலும் 1796இலும் ஆதலால், பிரித்தானியர் ஆட்சிக்காலத்து ஆவணங்களில் இத்தொல்லை இல்லை.

ஒரு பொறியை மட்டும் எச்சரிக்கவேண்டும். இக்கால ஆசிரியர் பலர் பழைய நாளின் ஆண்டைத் திருத்துவர், நாளைத் திருத்தார். நொக்ஸின் தந்தை 1661 பெப்ரவரி 9இல் இறந்தார் என்று அச்சில் வருவது அவ்வழக்கினாலாகும். அதனைக் கண்டு ஆண்டோடு மீண்டும் ஒன்று கூட்டுவோர் 1662இல் வந்து நிற்பர். ஒல்லாந்த ஏட்டொன்றின் நாளையும் நொக்ஸின் நாளையும் அருகருகே வைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று தீர்மானிப்போர், இரண்டையும் ஒரே கணக்கிற்குக் கொண்டுவராவிடின் காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் எழுதிவிடுவர்.

கிழமை எழுதப்பட்டிருந்தால் அதனைக் கொண்டு சோதிக்க. பத்தும், பதினொன்றும், பன்னிரண்டும், பதின்மூன்றும் ஏழின் மடங்குகள் அல்ல. ஆகையாற் கிழமை எப்போதும் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 2100ஆம் ஆண்டில் பழைய கணக்கு மீண்டும் ஒரு மிகுநாள் கொள்ள, இடைவெளி பதினான்காகும். பதினான்கு இரண்டு கிழமையன்றோ? அதன் பின் இரு கணக்கிலும் ஒரே இலக்கம் ஒரே கிழமையில் விழும். அக்காலத்து ஏடுகளைச் சோதிக்கக் கிழமை பயன்படாது. திங்கள் ஒன்றே சாட்சி சொல்லும்.